எக்ஸ்பைரி நாளின் கடைசி மணி நேரம்: நிஃப்டி ஆப்ஷன் சார்ட் ஏன் இப்படித் துள்ளுகிறது?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணி. நிஃப்டி 25,000-ல் நிற்கிறது. அன்றே முடியப்போகும் 25,000 கால் ஆப்ஷனின் பிரீமியம் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிஃப்டி 20 புள்ளி ஏறுகிறது. பிரீமியம் 25 ரூபாயைத் தொடுகிறது. ஏறிய 20 புள்ளியும் இறங்கினால் மீண்டும் 12. இன்னொரு 20 புள்ளி சரிந்தால் 5 ரூபாய்கூட இல்லை. நிஃப்டியைப் பொறுத்தவரை 20 புள்ளி என்பது 0.08 சதவீதம். காலை 9:15 மணிக்கு இதே நகர்வு நடந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் "ஆபரேட்டர் வேலை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சில நேரம் அதிலும் உண்மை இருக்கலாம், பின்னால் பார்ப்போம். ஆனால் இந்தத் துள்ளலில் பெரும்பகுதி வெறும் கணக்கு. நேரம் குறையும்போது ஆப்ஷனின் குணம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தால் பெரிய கைகள் எதை வாங்கி எதை விற்க நேர்கிறது, 3 மணிக்குப் பிறகு எந்த எண்ணை வைத்துப் பணம் தீர்க்கப்படுகிறது ஆகிய மூன்றும் புரிந்துவிட்டால் அந்தச் சார்ட்டில் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

கடைசியில் எந்த எண் செல்லும்?

2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி ஆப்ஷன்களின் எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமை. அன்று விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாள். இந்த ஆப்ஷன்களில் பங்கு எதுவும் கைமாறுவதில்லை. முடிவில் நிஃப்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துவிடுவார்கள். 25,000 கால் வைத்திருப்பவருக்கு முடிவு எண் 25,040 ஆனால் ஒரு யூனிட்டுக்கு 40 ரூபாய்; 24,999 ஆனால் ஒன்றுமில்லை. 25,000 புட் இதற்கு நேர் எதிர். லாட் அளவு அவ்வப்போது மாறுவதால் இந்தக் கட்டுரையில் எல்லாக் கணக்கும் ஒரு யூனிட்டுக்குத்தான்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது, அந்த 'முடிவு எண்' 3:30-க்குத் திரையில் தெரியும் கடைசி எண் அல்ல என்பது. நிஃப்டியில் உள்ள 50 பங்குகளில் ஒவ்வொன்றுக்கும் 3:00 முதல் 3:30 வரை நடந்த வர்த்தகங்களின் சராசரி விலையை எடுக்கிறார்கள். எந்த விலையில் எவ்வளவு பங்கு கைமாறியதோ அந்த அளவுக்கு அதற்கு எடை. அப்படிக் கிடைக்கும் 50 விலைகளிலிருந்து கணக்கிடுவதுதான் நிஃப்டியின் அதிகாரபூர்வ முடிவு மதிப்பு. ஆப்ஷன் தீர்வதும் அதை வைத்துத்தான். எக்ஸ்பைரியன்று 3:29-க்குச் சார்ட்டில் ஓர் எண்ணும், சற்று நேரம் கழித்து 'குளோஸ்' என்று வேறோர் எண்ணும் வருவது இதனால்தான். இரண்டுக்கும் இடையே 20, 30 புள்ளி இருந்தால் அது தரவுக் கோளாறு அல்ல.

ஆக, 3 மணி வரை ஆப்ஷன் ஒரு வருங்காலச் சராசரியைக் குறிவைத்து ஓடுகிறது. 3 மணிக்குப் பிறகு அந்தச் சராசரி நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்பட்டுக்கொண்டே போகிறது. இந்த இரண்டு கட்டங்களிலும் ஆப்ஷன் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு.

பிரீமியத்தின் கணக்கு

ஸ்ட்ரைக் விலையும் நிஃப்டியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் ஆப்ஷனை அட்-தி-மனி என்பார்கள். அதன் விலைக்கு ஒரு எளிய மதிப்பீடு உண்டு. மிச்சமுள்ள நேரத்தில் நிஃப்டி சாதாரணமாக எவ்வளவு ஆடும் என்பதைக் கண்டுபிடித்து, அதில் ஏறக்குறைய 0.4 பங்கு, துல்லியமாக 0.399, எடுத்தால் போதும். ஆட்டத்தின் அளவைத் தருவது இம்ப்ளைட் வாலட்டிலிட்டி, சுருக்கமாக ஐ.வி. அது ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் சதவீதம். ஆண்டுக்கு 252 வர்த்தக நாள், நாளுக்கு 375 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 94,500 நிமிடம். ஐ.வி. 12 சதவீதம் என்றால் காலை 9:15-க்குக் கணக்கு இப்படி வரும்:

```
25000 * 0.12 * SQRT(355/94500) = 184
184 * 0.399 = 73
```

375 நிமிடம் இருக்கும்போது 355 ஏன்? கடைசி அரை மணி நேரம் சராசரிக்குள் போய்விடுகிறது. சராசரி, மூல எண்ணைவிடக் குறைவாகவே ஆடும். கணக்குப்படி அந்த 30 நிமிடம் 10 நிமிடத்துக்குச் சமம். எனவே 345-உடன் 10.

அதே வாய்ப்பாட்டைப் பிற்பகல் 2:30-க்குப் போட்டால் ஆட்டம் 62 புள்ளி, பிரீமியம் சுமார் 25 ரூபாய். 3:00-க்குப் போட்டால் ஆட்டம் 31 புள்ளி, பிரீமியம் 12 ரூபாய். நிஃப்டி அசையாமல் நின்றாலும் காலை 73 ரூபாயாக இருந்தது 3 மணிக்கு 12 ஆகிவிடுகிறது. ஐ.வி. நாள் முழுக்க ஒரே 12-ல் நிற்காது, அதனால் உண்மை விலைகள் சற்று முன்பின் இருக்கும். ஆனால் கரையும் வேகம் இந்த மாதிரிதான்.

முதல் பத்தியில் சொன்ன துள்ளலின் முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. காலையில் நிஃப்டி 20 புள்ளி ஏறினால் 73 ரூபாய் பிரீமியம் 84 ஆகும். சுமார் 15 சதவீத ஏற்றம். 3 மணிக்கு அதே 20 புள்ளி 12-ஐ 25 ஆக்குகிறது. ரூபாயில் பார்த்தால் 11-ம் 13-ம் பெரிய வித்தியாசமில்லை. அடித்தளம் சுருங்கிவிட்டதால் சதவீதம் எகிறுகிறது. ஆப்ஷன் சார்ட்டின் அச்சு அந்தச் சிறிய எண்ணுக்கு ஏற்ப தன்னை விரித்துக்கொள்வதால், கண்ணுக்கு அது பேயாட்டமாகத் தெரிகிறது.

தொலைவில் உள்ள ஸ்ட்ரைக்குகளில் இது இன்னும் கொடுமை. 'ஹீரோ ஆர் ஜீரோ' என்று மதியத்துக்கு மேல் வாங்கப்படுபவை இவைதான். நிஃப்டி 25,000-ல் இருக்கும்போது, பிற்பகல் 1:30-க்கு 25,100 காலின் விலை இதே கணக்கில் சுமார் 8 ரூபாய். வாங்கியவர் நினைத்தபடியே நிஃப்டி ஏறுகிறது. 3 மணிக்கு 25,080. எண்பது புள்ளி அவருக்குச் சாதகம். ஆனால் அப்போது அந்தக் காலின் விலை 5 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. திசையைச் சரியாகக் கணித்தும் நஷ்டம். தொண்ணூறு நிமிடம் போனதற்கு ஈடாக எண்பது புள்ளி போதவில்லை.

வாங்கி விற்பவர்கள் நிஃப்டியையே ஏன் ஆட்டுகிறார்கள்?

இதுவரை சொன்னது பிரீமியம் நிஃப்டிக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது. ஆனால் எக்ஸ்பைரி நாளில் நிஃப்டியின் சார்ட்டும் சேர்ந்தே துள்ளுகிறதே, அது எதனால்?

டெல்டா என்பது நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் பிரீமியம் எவ்வளவு நகரும் என்ற எண். அட்-தி-மனி காலுக்கு அது 0.5, ஒரு புள்ளி ஏறினால் 50 பைசா. நிஃப்டி ஸ்ட்ரைக்குக்கு மேலே போகப்போக டெல்டா 1-ஐ நோக்கி ஏறும், கீழே போனால் 0-வை நோக்கி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் வேகம்தான் காமா. நம் கணக்கில், நிஃப்டி 10 புள்ளி ஏறினால் காலை 9:15-க்கு டெல்டா 0.50-லிருந்து 0.52 ஆகும். 2:30-க்கு 0.56-ஐத் தாண்டும். 3:00-க்கு 0.63.

இப்போது பெரிய அளவில் கால் விற்றுவிட்டு, திசை ஆபத்து வேண்டாம் என்று பியூச்சர்ஸை வாங்கி ஈடுகட்டி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் யூனிட் விற்றிருக்கிறது, டெல்டா 0.5 என்பதால் 5 லட்சம் யூனிட்டுக்குப் பியூச்சர்ஸ் கையில் இருக்கிறது. காலையில் நிஃப்டி 10 புள்ளி ஏறினால் டெல்டா 0.02 கூடுகிறது. ஈடுகட்ட இன்னும் சுமார் 21,700 யூனிட் வாங்க வேண்டும். 25,000 விலையில் அதன் மதிப்பு 54 கோடி ரூபாய். 3 மணிக்கு அதே 10 புள்ளிக்கு வாங்க வேண்டியது சுமார் 1.27 லட்சம் யூனிட், அதாவது சுமார் 318 கோடி ரூபாய். அதே நிறுவனம், அதே ஆப்ஷன், அதே நகர்வு. வாங்க வேண்டிய அளவு மட்டும் ஏறக்குறைய ஆறு மடங்கு.

கவனிக்க வேண்டியது, இவர் ஏறும்போது வாங்குகிறார் என்பதை. நிஃப்டி 10 புள்ளி இறங்கினால் அதே அளவை விற்றாக வேண்டும். ஏற்றத்தை மேலும் ஏற்றும், இறக்கத்தை மேலும் இறக்கும் ஓட்டம் இது. அவருக்கு நிஃப்டியின் திசை பற்றி எந்தக் கருத்தும் இல்லை. டெல்டா கேட்பதைச் செய்கிறார், அவ்வளவுதான். 25,000-ஐ மேலும் கீழுமாக நிஃப்டி நாலைந்து முறை கடந்தால், ஒவ்வொரு முறையும் அவர் மேலே வாங்கிக் கீழே விற்க நேர்கிறது.

பியூச்சர்ஸ் வைத்து ஈடுகட்டாத சிறு விற்பனையாளர்களும் இதே விளைவைத்தான் உண்டாக்குகிறார்கள். கால், புட் இரண்டையும் விற்று ஸ்ட்ராடில் போட்டவர், பிரீமியம் 30 சதவீதம் ஏறினால் வெளியேறுவதென்று ஸ்டாப் லாஸ் வைத்திருப்பார். மதியத்துக்கு மேல் 30 சதவீதம் என்பது ஏழெட்டு ரூபாய், அதாவது நிஃப்டியில் பத்துப் பதினைந்து புள்ளி. அது உடைந்ததும் அவர் விற்ற கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்குகிறார். அவருக்கு அந்தக் காலை விற்கும் சந்தை-உருவாக்குநர் தன்னை ஈடுகட்ட பியூச்சர்ஸ் வாங்குகிறார். பியூச்சர்ஸ் ஏற, ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள் வழியாகப் பங்குகளும் ஏற, அடுத்தவரின் ஸ்டாப் லாஸ் உடைகிறது. ஒரே மாதிரி சதவீதத்தில் ஸ்டாப் வைக்கும் தானியங்கித் திட்டங்கள் பெருகியிருப்பதால் இவை கொத்தாகவே உடைகின்றன. மெழுகுவர்த்தி ஒரே நிமிடத்தில் 40 புள்ளி நீண்டுவிட்டு அடுத்த நிமிடமே பாதி திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான். வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்ததும் பிடித்து நிறுத்த ஆளில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஈடுகட்டி வைத்திருப்பவர் ஆப்ஷனை விற்றவராக இல்லாமல் வாங்கியவராக இருந்தால் எல்லாம் தலைகீழ். நிஃப்டி ஏறும்போது அவர் விற்கிறார், இறங்கும்போது வாங்குகிறார். அப்போது அதே 25,000 ஸ்ட்ரைக் நிஃப்டியைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். 15 புள்ளி மேலே போனால் தட்டி இறக்கும், கீழே போனால் தாங்கிப் பிடிக்கும். சில எக்ஸ்பைரிகள் கடைசி இரண்டு மணி நேரமும் ஒரு ஸ்ட்ரைக்கிலேயே அறைந்ததுபோல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இதனால்தான் ஓபன் இன்ட்ரஸ்ட் பட்டியலில் எந்த ஸ்ட்ரைக்கில் எண் பெரிதோ அங்கேதான் முடியும் என்ற கணிப்பையும், ஆப்ஷன் வாங்கியவர்களின் மொத்த நஷ்டம் அதிகபட்சமாகும் ஸ்ட்ரைக்கான 'மேக்ஸ் பெயின்' எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஓபன் இன்ட்ரஸ்ட் எத்தனை ஒப்பந்தம் திறந்திருக்கிறது என்று சொல்லும். அதில் ஈடுகட்டுபவர் வாங்கிய பக்கமா விற்ற பக்கமா என்று சொல்லாது. அதே பெரிய எண் ஒரு வாரம் பசையாகவும் மறுவாரம் வில்லாகவும் இருக்கலாம்.

எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை. நடக்கும்போது ஓரளவு தெரியும். அட்-தி-மனி காலையும் புட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத் தொகையை மட்டும் கவனித்தால் போதும். நம் கணக்கில் அது 2:30-க்கு 49 ரூபாய், 2:45-க்கு 39, 3:00-க்கு 25 என்று இறங்க வேண்டும். அதைவிட வேகமாகக் கரைந்து, நிஃப்டி ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்குக்கே திரும்பினால் ஒட்டும் நாள். மணி 2:50 ஆகியும் கூட்டுத் தொகை 50-ஐ விட்டு இறங்க மறுத்தால், விற்றவர்கள் பதறிப்போய்த் திரும்ப வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அப்போது ஸ்ட்ரைக்கை உடைக்கும் நகர்வு நீளும் வாய்ப்பு அதிகம். நிஃப்டி வேறு ஸ்ட்ரைக்குக்குப் போய்விட்டால் கூட்டுத் தொகையையும் அந்தப் புதிய ஸ்ட்ரைக்கில் பார்க்க வேண்டும். பழைய 25,000-ஐயே பார்த்துக்கொண்டிருந்தால், நிஃப்டி ஸ்ட்ரைக்கைத் தாண்டிய அளவான உள்மதிப்பு வெறுமனே கூடுவதைப் பதற்றம் என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

3 மணிக்குப் பிறகு

நேரம் பூஜ்யத்தை நெருங்க நெருங்க காமா எல்லையில்லாமல் ஏறும் என்று ஆப்ஷன் பாடங்களில் படித்திருப்பீர்கள். ஒரே கணத்து விலையில் தீரும் ஆப்ஷனுக்கு அது சரி. அரை மணி நேரச் சராசரியில் தீரும் நிஃப்டி ஆப்ஷனுக்கு அது பொருந்தாது. இங்கே அட்-தி-மனி காமா 3 மணி வாக்கில் உச்சம் தொட்டு, அதன்பின் குறையத் தொடங்கும்.

காரணம் எளிது. 3:20 ஆகும்போது சராசரியின் மூன்றில் இரண்டு பங்கு எழுதி முடிந்துவிட்டது. மிச்சம் பத்து நிமிடம். இப்போது நிஃப்டி 30 புள்ளி ஏறி அங்கேயே நின்றாலும் முடிவு எண் 10 புள்ளிதான் நகரும். உள்மதிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நிஃப்டியின் ஒரு புள்ளிக்கு அந்தக் கால் 33 பைசாதான் அசையும். 3:27-க்கு 10 பைசா.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 3:00 முதல் 3:20 வரை நிஃப்டியின் சராசரி 24,970. பிறகு திடீரென ஏறி இப்போது திரையில் 25,030. இனி இங்கேயே நின்றால்:

```
(20*24970 + 10*25030) / 30 = 24990
```

திரையில் நிஃப்டி 25,030. ஆனால் 25,000 கால் ஒன்றுமில்லாமல் போகும் வழியில் இருக்கிறது. 25,000 புட்டுக்கு 10 ரூபாய் கிடைக்கப்போகிறது. அந்தக் கால் பணமாக வேண்டுமென்றால் மிச்சப் பத்து நிமிடமும் நிஃப்டி சராசரியாக 25,060-க்கு மேல் இருந்தாக வேண்டும். அந்நேரத்தில் இந்தக் கால் ஒரு ரூபாய் அளவில், சில சமயம் வெறும் பைசாக்களில் நடந்துகொண்டிருக்கும். சராசரி விதி தெரியாதவர் கண்ணுக்கு, 30 ரூபாய் உள்மதிப்புள்ள கால் ஒரு ரூபாய்க்குக் கிடைப்பதாகத் தெரியும். சந்தை ஏதோ மறந்துவிட்டது என்று நினைத்து அள்ளுவார். எக்ஸ்பைரி நாளில் புதியவர்கள் விழும் பள்ளங்களில் இதுபோல் வடிவாகத் தோண்டப்பட்டது வேறில்லை.

இதைக் கண்டுபிடிக்க மேலே செய்த கணக்குகூடத் தேவையில்லை. ஸ்ட்ரைக்குடன் கால் விலையைக் கூட்டி, புட் விலையைக் கழித்தால் சந்தை எதிர்பார்க்கும் முடிவு எண் வந்துவிடும்:

```
25000 + 1 - 11 = 24990
```

3 மணிக்கு முன் இந்த எண்ணும் திரையில் உள்ள நிஃப்டியும் ஏறக்குறைய ஒன்றாக நகரும். 3 மணிக்குப் பின் இரண்டும் பிரியத் தொடங்கும். பிரிந்தபின் ஆப்ஷனுக்குப் பொருட்படுத்த வேண்டியது இந்த எண்ணைத்தான். நிஃப்டி சார்ட்டில் கோடு போட்டு உடைப்பு பார்ப்பதில் பயனில்லை. நீங்களே சராசரி போட விரும்பினால் 3:00-லிருந்து ஒரு நிமிட குளோஸ்களைக் கூட்டி வகுக்கலாம். அது தோராயம்தான். அதிகாரபூர்வக் கணக்கு ஒவ்வொரு பங்கின் வர்த்தக அளவையும் எடையாகக் கொள்வதால் சில புள்ளி வித்தியாசம் வரும். ஸ்ட்ரைக்கிலிருந்து ஐந்து புள்ளிக்குள் முடிவு நிற்கும்போது அந்தத் தோராயத்தை நம்பி எதுவும் செய்யக் கூடாது.

இந்த அரை மணி நேரத்தில் நிஃப்டி துள்ளினால் அதற்குக் காமாவைத் தவிர வேறொரு காரணமும் இருக்கலாம். பங்குகளையோ பியூச்சர்ஸையோ வைத்து ஆப்ஷனை ஈடுகட்டியிருந்தவர்கள் அந்த ஈட்டை 3:00 முதல் 3:30 வரை கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்கள். அப்போதுதான் அவர்கள் விற்கும் சராசரி விலை தீர்வு எண்ணோடு பொருந்தும். ஆப்ஷன்களோடு பியூச்சர்ஸும் முடியும் மாதக் கடைசிச் செவ்வாயன்று இந்த ஓட்டம் கூடுதல்.

இனி ஆபரேட்டர் கதை. முடிவு எண்ணைத் தனக்குச் சாதகமாக நகர்த்த யாராவது முயன்றால், சராசரி விதியால் அவர் ஒரு நிமிடம் தள்ளிப் பயனில்லை. நீண்ட நேரம் தள்ள வேண்டும். 2025 ஜூலை 3 அன்று ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மீது சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவில் வரும் குற்றச்சாட்டுகளில் ஒன்று, எக்ஸ்பைரி நாள் பிற்பகுதியில் பெரிய அளவில் ஒரே திசையில் வர்த்தகம் செய்து முடிவு எண்ணைப் பாதித்தார்கள் என்பது. நிறுவனம் அதை மறுத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் குறியீட்டு ஆப்ஷன் நிலைகளுக்கு நாளிடை வரம்பு வைத்து, அதை நாளில் குறைந்தது 4 முறை எதிர்பாராத நேரங்களில் சோதிக்க வேண்டும், அதில் ஒரு சோதனை 2:45-க்கும் 3:30-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் முதல் செபி விதித்திருக்கிறது. ஒரு நீண்ட மெழுகுவர்த்தியைப் பார்த்து அது சூழ்ச்சியா, ஸ்டாப் லாஸ் கொத்தா என்று நம் திரையிலிருந்து பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆர்டர் போடும் இடத்தில் நடப்பது

தேசியப் பங்குச் சந்தையில் ஆப்ஷன்களுக்கு ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டர் 2021-லிருந்து இல்லை. தூண்டு விலை, எல்லை விலை இரண்டும் கொடுத்து லிமிட் ஆர்டராகத்தான் வைக்க முடியும். 12 ரூபாய்க்கு விற்ற காலுக்கு 16-ல் தூண்டு, 16.50-ல் எல்லை என்று வைத்தால் காலை நேரத்தில் பெரும்பாலும் நிறைவேறும். 3 மணிக்குப் பிரீமியம் 15-லிருந்து நேராக 19-க்குத் தாவினால் ஆர்டர் தூண்டப்படும், நிறைவேறாது, 16.50-ல் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டாப் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் திரையை விட்டு நகர்ந்தவருக்கு இது தெரிவதே தாமதமாகத்தான். இடைவெளியை அகலமாக, 16-க்கு 22 என்று வைத்தால் நிறைவேறும். விலை மோசமாகக் கிடைக்கலாம். அதைத் தாங்க முடியாத அளவுக்கு லாட் இருந்தால், குறைக்க வேண்டியது லாட்டைத்தான்.

விற்பவர்களுக்கு இன்னொன்று. எக்ஸ்பைரி நாளில் விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்கு வழக்கமான மார்ஜினுக்கு மேல் 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் 2024 நவம்பரிலிருந்து பிடிக்கப்படுகிறது. இந்த வார ஆப்ஷனை விற்று, அடுத்த வாரத்தை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மற்ற நாள்களில் கிடைக்கும் மார்ஜின் சலுகையும் எக்ஸ்பைரியன்று இல்லை. முதல் நாள் இரவு போதுமானதாக இருந்த பணம் மறுநாள் காலை பற்றாக்குறையாக நிற்கும். தரகு நிறுவனமே நிலையை மூட நேர்ந்தால், அது நீங்கள் விரும்பும் நேரத்தில் நடக்காது. நாளிடை வகையில் போட்ட ஆர்டர்களையும் தரகர்கள் 3:15-ஐ ஒட்டிய நேரத்தில் தாங்களாகவே மூடத் தொடங்குவார்கள். சரியான நிமிடம் தரகருக்குத் தரகர் மாறும்; உங்களுடையது எது என்று அவர்கள் பக்கத்திலேயே இருக்கும். துணைக்கு வாங்கிய தொலைதூர ஆப்ஷனை முதலில் விற்றுவிட்டால், விற்ற ஆப்ஷனின் மார்ஜின் உடனே எகிறும். எனவே மூடும்போது விற்றதைத் திரும்ப வாங்குவது முதலில், துணையை விற்பது பிறகு.

வாங்கியவர்கள் உள்மதிப்புள்ள ஆப்ஷனை விற்காமல் விட்டால் அது தானாகவே தீர்ந்து பணம் வந்துவிடும். ஆனால் அப்போது வாங்கியவர் கணக்கில் பங்கு பரிவர்த்தனை வரி, உள்மதிப்பின் மேல் கணக்கிடப்படும். சந்தையில் விற்றால் பிரீமியத்தின் மேல் வரும். முடிவு எண் ஏறக்குறைய உறுதியாகிவிட்ட 3:25 வாக்கில், திரையில் கிடைக்கும் விலை எதிர்பார்க்கும் உள்மதிப்பைவிட எத்தனை பைசா குறைவு என்று பார்த்து, அந்த வித்தியாசத்தையும் இரண்டு வரி விகிதங்களையும் ஒப்பிட்டுத்தான் விற்பதா விடுவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

முடிவு விலையைக் கண்டறிய அரை மணி நேரச் சராசரிக்குப் பதிலாகத் தனி ஏல அமர்வு ஒன்றைக் கொண்டுவருவது பற்றி செபி 2025-ல் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. அந்த மாற்றம் ஆப்ஷன் தீர்வுக்கும் பொருந்தும்படி வந்தால், 3 மணியை ஒட்டி இங்கே சொன்ன கணக்குகள், காமாவின் உச்சம் உட்பட, இடம் மாறும். பணம் போடும் முன் சந்தையின் அப்போதைய சுற்றறிக்கையில் 'இறுதித் தீர்வு விலை' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற ஒரு வரியை மட்டுமாவது படித்துக்கொள்ளுங்கள்.